புதுப்பிப்பு: சேலம் டீக்கடை, ஒரு நாளைக்கு எத்தனை டீ விற்றால் கைக்காசு போகாது?

"டீ 12 ரூபாய், ஒரு நாளைக்கு எத்தனை விற்றால் நஷ்டம் இல்லாமல் நிற்கலாம்?" இதுதான் நான் முன்பு கேட்டது.

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. கணக்குத் தணிக்கை பார்க்கும் அண்ணன் சொன்னதுதான் கைகொடுத்தது: டீ போட்டாலும் போடாவிட்டாலும் போகிற காசைத் தனியாக எழுதச் சொன்னார். வாடகை 9,000, மாஸ்டர் சம்பளம் 18,000, கரண்ட் 1,500. கேஸை ஒவ்வொரு டீயின் செலவில் போடச் சொன்னவர் சொன்னது பாதி சரி. பால் காய்ச்சுவது அப்படித்தான், ஆனால் கூட்டம் இல்லாத மத்தியானத்திலும் பாய்லர் எரிந்துகொண்டேதான் இருக்கிறது, அதனால் கேஸ் செலவு 4,500-ஐயும் இதிலேயே சேர்த்தேன். மாதம் மொத்தம் 33,000.

பால், தூள், சர்க்கரை, பேப்பர் கப் சேர்ந்து டீக்கு 6.50. மிச்சம் 5.50. 33,000-ஐ 5.50-ஆல் வகுத்தால் மாதம் 6,000 டீ, 30 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 200.

எதிர்பாராதது ஞாயிறு லீவு. 26 நாள்தான் கடை, ஆனால் வாடகை குறையாது, அப்போது 231 ஆகிறது. பார்சலுக்குப் பால் கூடப் போகிறது, அதை இன்னும் அளக்கவில்லை.

ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் அக்கா சீசன் வாடகை பற்றிக் கேட்டிருந்தீர்கள், சீசன் இல்லாத மாதங்களை எப்படிப் பிரிப்பது என்று எனக்கும் பிடிபடவில்லை. நான் கல்லாவில் நிற்கும் கூலியையும் இதில் சேர்க்கவில்லை.