காம்பவுண்டு சுவரில் கறுப்புக் கோடு: ஆசிட் நுரைத்தால் அழுக்கு போகிறது என்று அர்த்தமா?

உச்சிப்புளி வீடு:
எங்கள் காம்பவுண்டு சுவர் 60 அடி நீளம், 5 அடி உயரம். எமல்ஷன் அடித்து மூன்று வருடம் ஆகிறது. கார்த்திகை மழை முடிந்து பார்த்தால் மேலிருந்து கீழே கறுப்புக் கோடு கோடாக வழிந்திருக்கிறது, அடியில் பச்சைப் பாசி. பெயிண்டர் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் ஒரே நாளில் போய்விடும் என்கிறார். ஊற்றலாமா?

தூரிகை 25:
தாராளமாக ஊற்றுங்கள். ஒரு பங்கு ஆசிட்டுக்கு இருபது பங்கு தண்ணீர். ஊற்றியதும் நுரை வரும், அழுக்கு கழன்று வருகிறது என்று அதற்கு அர்த்தம். நுரை நின்றதும் தேய்த்துக் கழுவிவிடலாம். 25 வருடமாக இராமேஸ்வரத்திலிருந்து தேவிபட்டினம் வரை இதைத்தான் செய்கிறேன், ஒரு சுவரும் விழவில்லை.

மண்டபம் கொத்து:
நுரை வந்தால் அழுக்கு போகிறது என்று எழுதியதைப் பார்த்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அண்ணே, பாசிக்கு ஆசிட் பட்டால் நுரைக்காது. சிமெண்டில் இருக்கிற சுண்ணாம்புக்குத்தான் நுரைக்கும். நம் பக்கத்து மணலில் கிளிஞ்சல் தூள் கலந்திருந்தால் இன்னும் அதிகமாக நுரைக்கும். நல்ல பெயிண்ட் மூடியிருக்கிற இடத்தில் ஊற்றிப் பாருங்கள், நுரையே வராது. பெயிண்ட் விட்டுப்போய் பூச்சு தெரிகிற இடத்தில்தான் பொங்கும். அதாவது நீங்கள் பார்க்கிற நுரை அந்த வீட்டுக்காரருடைய பூச்சு கரைகிற நுரை.

உச்சிப்புளி அண்ணே, முதலில் அந்தக் கறுப்பு என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கறுப்புக் கோட்டில் ஒரு இடத்தை நனைத்து ஈரம் காயாமல் அரை மணி நேரம் வையுங்கள். லேசாகப் பச்சை தட்டினால் அது நீலப்பச்சைப் பாசி. வெயிலைத் தாங்குவதற்காக அது தன்மேல் கறுப்பு உறை போட்டுக்கொள்கிறது, அதனால்தான் காய்ந்தால் கறுப்பு, நனைந்தால் பச்சை. பச்சை தெரியாவிட்டால் ப்ளீச்சிங் கரைத்த தெளிந்த நீரில் ஒரு சொட்டு வையுங்கள். சில நிமிடத்தில் வெளுத்தால் பாசி. வெளுக்காமல் அப்படியே இருந்தால் தூசி, புகைக்கரி. அதற்கு சோப்புத் தண்ணீரே போதும்.

தூரிகை 25:
தம்பி, புத்தகத்தில் படித்ததை எழுதுகிறீர்கள். ஒன்றுக்கு இருபது என்றுதானே சொன்னேன்? இருபது பங்கு தண்ணீரில் எந்தப் பூச்சு கரையும்? நுரை வரும்போது கறுப்பும் சேர்ந்து வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண்டபம் கொத்து:
கறுப்பு வருவது எனக்கும் தெரியும். அது எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் கேள்வி. பாசி ஒட்டியிருந்த மேல்தோலே கரைந்தால் பாசியும் கூட வரத்தானே செய்யும்? வேர் பிடித்த மண்ணோடு செடியைப் பெயர்ப்பது போல. அடியில் மிஞ்சுவது சொரசொரப்பான பூச்சு, அதன் குழியில் ஈரம் தங்கும், அடுத்த மழைக்குப் பாசி முன்னைவிட வேகமாகப் படரும். ஆசிட் ஊற்றிய சுவரை மறுநாள் உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், மணல் உதிரும்.

தொண்டிக்காரி:
எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இதே பச்சைப் பாசி. தொட்டிக்குள் ஆசிட் ஊற்றலாமா அண்ணா?

மண்டபம் கொத்து:
அக்கா, இது காம்பவுண்டு சுவர் பேச்சு, குடிதண்ணீர்த் தொட்டி வேறு. தொட்டிக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். தேய்த்துக் கழுவிவிட்டு வெளிச்சம் புகாமல் மூடி போடுங்கள், வெளிச்சம் இல்லாவிட்டால் பாசி வளராது.

கீழக்கரை வாசி:
நான் சொந்த அனுபவம் சொல்கிறேன். எங்கள் தாத்தா காலத்து வீட்டின் மதில் கடலில் வெட்டிய பவளக்கல், மேலே சுண்ணாம்புப் பூச்சு. ஒரு ஆள் வந்து ஆசிட்தான் ஒரே வழி என்று இரண்டு வாளி ஊற்றினார். நுரை அப்படிப் பொங்கியது, பாருங்கள் அழுக்கு எப்படி வருகிறது என்று எங்களையே கூப்பிட்டுக் காட்டினார். அடுத்த வருடம் பூச்சு பாளம் பாளமாக விழுந்து உள்ளே கல்லில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. பவளக்கல்லே முழுக்கச் சுண்ணாம்புதான் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போது அந்தக் கல்லை எடுக்கவே கூடாது, 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டார்கள். எங்கே போய் வாங்கி அடைப்பது?

தூரிகை 25:
பாய், உங்களுடையது நூறு வருடத்துப் பழைய மதில். இவர் கேட்பது சிமெண்டு சுவர். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். அந்த ஆள் ஒன்றுக்கு ஐந்து கலந்திருப்பார். நான் சொன்னது ஒன்றுக்கு இருபது.

கீழக்கரை வாசி:
ஒன்றுக்கு எத்தனை என்று அவரும் உங்களை மாதிரித்தான் அடித்துச் சொன்னார்.

மண்டபம் கொத்து:
இருபதாக இருந்தாலும் நாற்பதாக இருந்தாலும் சிமெண்டில் நுரைத்தால் கரைகிறது என்றுதான் பொருள். மெதுவாகக் கரையும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, கேட்டவருக்கு வேலையைச் சொல்கிறேன். உங்கள் சுவர் ஒரு பக்கம் 300 சதுர அடி. புதிய ப்ளீச்சிங் பவுடர் 300 கிராமை 10 லிட்டர் தண்ணீரில் கரைத்து அரை மணி நேரம் தெளிய விடுங்கள். மேலே நிற்கிற தெளிந்த நீரை மட்டும் எடுங்கள், அடியில் தங்கும் வெள்ளைக் கசடு வேண்டாம், அது சுவரில் காய்ந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். பவுடர் கட்டி பிடித்து மூக்கில் நெடி ஏறாமல் இருந்தால் வாங்காதீர்கள். நம் கடல்காற்றில் திறந்து வைத்த பை சீக்கிரம் வீரியம் போய்விடும், பிறகு ப்ளீச்சிங் வேலை செய்யவில்லை என்று பழி அதன்மேல் விழும்.

வெயில் இறங்கிய பிறகு செய்யுங்கள். சுவரோரச் செடிகளுக்கு முதலில் நல்ல தண்ணீர் ஊற்றி நனையுங்கள், இரும்புக் கேட்டில் தெறித்தால் உடனே கழுவுங்கள். சுவரை நனைத்துவிட்டு, கீழிருந்து மேலாகப் பிரஷ்ஷால் தடவுங்கள். மேலிருந்து தடவினால் வழிகிற நீர் கோடு போட்டுவிடும். இருபது நிமிடம் காயாமல் ஈரமாக நிற்க வேண்டும், காய்ந்தால் மறுபடி தடவுங்கள். பிறகு நைலான் பிரஷ்ஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கம்பி பிரஷ் வேண்டாம், அதன் துகள் பூச்சில் சிக்கி நாளைக்குத் துரு வழியும். கையுறை, கண்ணாடி கட்டாயம். ஒரு வாளி போதாது, அடியில் இருக்கிற பச்சைக்கு இன்னொரு வாளி கலக்க வேண்டி வரும்.

தூரிகை 25:
இரண்டு வாளி, இருபது நிமிடம், தெளிய அரை மணி. இவ்வளவு செய்தால் கூலி யார் கொடுப்பது? ஆசிட்டில் அரை நாளில் முடிகிற வேலை. வேண்டுமானால் ப்ளீச்சிங் அடித்து, போகாத இடத்தில் மேலே ஆசிட் ஊற்றுங்கள். நான் அப்படியும் செய்திருக்கிறேன்.

மண்டபம் கொத்து:
தயவுசெய்து அதை யாரும் செய்யாதீர்கள். ப்ளீச்சிங்கும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஒரு வேலையில் எங்கள் சித்தாள் ஒருவர் ப்ளீச்சிங் இருந்த வாளியைக் கழுவாமல் அதிலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். திறந்த வெளிதான், இருந்தும் இருமலில் மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். 25 வருடம் தொழில் செய்தவர் இதை ஊருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்குக் கோபமாக இருக்கிறது.

தூரிகை 25:
கோபம் உங்களுக்கு என்மேல் போன வருடத்திலிருந்தே இருக்கிறது. மொட்டைமாடி வாட்டர்ப்ரூஃப் பேச்சில் நான் சொன்னதுதான் சரி என்று நான்கு பேர் சொன்னார்கள், அதை நீங்கள் மறக்கவில்லை.

மண்டபம் கொத்து:
அந்த மாடி இந்த ஐப்பசியில் ஒழுகியதா இல்லையா என்று அந்த வீட்டுக்காரரிடமே கேளுங்கள். எனக்குப் பேச்சு நுரையைப் பற்றி. நுரை அழுக்கிலிருந்து வருகிறது என்றால் கண்ணாடித் துண்டில் பாசியைத் தேய்த்து அதில் ஆசிட் விட்டுக் காட்டுங்கள்.

உச்சிப்புளி வீடு:
அண்ணே, இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். நனைத்துப் பார்த்தேன், பச்சை தட்டுகிறது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கழுவலாமா? அப்புறம், வடக்குப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

மண்டபம் கொத்து:
முதல் கழுவல் போர்த் தண்ணீரில் இருக்கட்டும், கடைசிக் கழுவலுக்கு லாரித் தண்ணீர் ஒரு டிரம் வைத்துக்கொள்ளுங்கள். உப்பு தங்கினால் மேலே அடிக்கிற பெயிண்ட் பொரியும். வடக்குப் பக்கம் வெயில் குறைவு, வாடைக்காற்று மழையை நேராக அங்கேதான் அடிக்கிறது, அதனால் ஈரம் காய்வதே இல்லை.

ஆனால் கோட்டுக்குக் காரணம் சுவரின் உச்சி. தலை தட்டையாக இருக்கிறதா, பக்கத்தில் நீட்டல் இல்லையா? அப்படியென்றால் உச்சியில் நிற்கிற தூசியும் பாசியும் ஒவ்வொரு மழைக்கும் சுவர்மேலேயே வழிகிறது. உங்கள் பக்கம் சாய்வாக ஒரு தலைப்பூச்சு, இரண்டு பக்கமும் இரண்டு அங்குலம் நீட்டல், நீட்டலின் அடியில் நீர் சொட்ட ஒரு காடி, இவ்வளவு போட்டால்தான் கோடு நிற்கும். இல்லாவிட்டால் பாசி வராத பெயிண்ட் என்று டப்பாவில் எழுதியிருப்பதை அடித்தாலும் அந்த மருந்து மழையில் கரையக் கரைய இரண்டு மூன்று மழைக்காலத்தில் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள்.

தூரிகை 25:
தலைப்பூச்சு விஷயம் சரிதான், நானும் வீட்டுக்காரர்களிடம் சொல்வேன், காசு செலவழிக்க மாட்டார்கள். ஆனால் நுரை விஷயத்தில் நான் மாற மாட்டேன். 25 வருடம் கண்ணால் பார்த்தது.

கீழக்கரை வாசி:
சுண்ணாம்பு மதிலுக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு எமல்ஷன் அடிக்கலாமா?

மண்டபம் கொத்து:
பாய், பவளக்கல் மதிலுக்கு எமல்ஷன் வேண்டாம், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர முடியாமல் தோல் உரியும். சுண்ணாம்பே அடியுங்கள். ப்ளீச்சிங்கைப் பாதி வீரியத்தில் தடவுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். ஓட்டையைச் சிமெண்டால் அடைக்கவும் வேண்டாம், சுண்ணாம்புக் கலவையாலேயே அடையுங்கள்.

தூரிகை 25:
சுண்ணாம்பு அடித்தால் நம் ஊர் மழையில் ஒரு வருடம்கூட நிற்காது. பாய், நேரில் வந்து மதிலைப் பார்த்துச் சொல்கிறேன்.

கீழக்கரை வாசி:
ஆசிட் வாளி இல்லாமல் வருவதாக இருந்தால் வாருங்கள்.

உச்சிப்புளி வீடு:
மூன்று அடி மட்டும் ப்ளீச்சிங் தடவிப் பார்த்தேன். கறுப்பு முக்கால்வாசி போய்விட்டது, மங்கலாக ஒரு நிழல் நிற்கிறது. எங்கள் பெயிண்டர் அதைப் பார்த்துவிட்டு, ஆசிட் இல்லாமல் இந்த நிழல் போகாது என்கிறார்.

தூரிகை 25:
பார்த்தீர்களா. நான் முதலிலேயே சொன்னேன்.

மண்டபம் கொத்து:
அது செத்த பாசியின் கறை. இன்னொரு தடவை தடவுங்கள், மிஞ்சுவது ப்ரைமருக்கு அடியில் போய்விடும். இரண்டு மூன்று நாள் வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ப்ரைமர். ப்ளீச்சிங் படாத, பூச்சு தெரிகிற இடத்தில் ஒரு சொட்டு ஆசிட் விட்டால் நுரைக்கும், எதிலிருந்து நுரைக்கிறது என்று உங்கள் பெயிண்டரிடம் கேளுங்கள்.

தூரிகை 25:
அழுக்கிலிருந்து.