கலைச்சொல் உதவி: புதிதாகச் சேர்பவருக்கு அனுப்பும் மடல்

நளினி, கோவை

குழுவினருக்கு வணக்கம். பம்ப் செட் உதிரிபாகம் செய்யும் ஆலையில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். திங்கட்கிழமை ஸ்டோர்ஸுக்கு ஒரு தம்பி சேர்கிறார். தமிழ்வழியில் படித்தவர், முதல் வேலை. அவருக்கு வரவேற்பு மடலைத் தமிழிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மொழிபெயர்த்து வந்த வரைவில் மூன்று தலைப்புகள்: ‘முதல் நாள் தளவாடங்கள்’, ‘சந்திப்பு நபர்கள்’, ‘முதல் வார எதிர்பார்ப்புகள்’. தளவாடம் என்றால் அந்தத் தம்பி ஸ்பேனரோடு வந்து நிற்பார். இந்த மடலுக்கே ஒரு பெயரும் வேண்டும். வியாழன் மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

இராமநாதன், தஞ்சாவூர்

அம்மா, இதற்குச் சொல் எப்போதோ இருக்கிறது. பணியேற்பு. அரசு அலுவலகத்தில் பணியேற்பு அறிக்கை என்போம், மாறுதலில் போனால் பணியேற்பிடைக்காலம் என்போம். நான் சேர்ந்தபோது கடிதத்தில் ‘முற்பகல்’ என்று எழுதச் சொல்லி எழுத்தர் ஒருவர் நின்று வாங்கினார். பிற்பகல் என்று விழுந்திருந்தால் அரைநாள் போயிருக்கும். எனவே ‘பணியேற்பு மடல்’ என்று வையுங்கள். அதில் நாள், வேளை, பதவி, ஊதிய விகிதம் நான்கும் இருந்தால் போதும்.

கார்த்திக், சென்னை

ஐயா, பணியேற்பு அறிக்கை சேர்ந்தவர் எழுதிக் கொடுப்பது. இது சேருமுன் அவர் கைக்குப் போவது. ஊதியமெல்லாம் பணி ஆணையிலேயே வந்துவிடும், இங்கே அதைத் திரும்ப எழுதினால் வேண்டியது அடியில் போய்விடும்.

நளினி, பெயரை விட வரிசையை முதலில் பாருங்கள். ஆபீஸ் மின்னஞ்சல் கணக்கை முதல் நாள்தான் திறந்து கொடுப்பீர்கள். ஆகவே இந்த மடல் அவருடைய சொந்த முகவரிக்குப் போகும். அவர் அதைத் திறப்பது போனில், பெரும்பாலும் பஸ்ஸில் நின்றுகொண்டு. நிறுவன வரலாறு மேலே வந்தால் எந்த வாசல் என்பது மூன்றாவது திரைக்குப் போய்விடும். திங்கள் காலை எட்டு மணிக்கு ‘மேடம், எந்த கேட்?’ என்று உங்களுக்கு போன் வந்தால் மடல் தோற்றது என்று பொருள். பொருள் வரியிலேயே ‘திங்கள் காலை 8.30, இரண்டாம் கேட்’ என்று எழுதிவிடுங்கள்.

அன்பரசு, மதுரை

மடலுக்குப் பெயர் தேடுகிறோமே, அந்த இலக்கிய வகையே நம்மிடம் இருக்கிறது: ஆற்றுப்படை. பரிசு பெற்று மீள்பவன், பெறாதவனை வழியில் கண்டு, எங்கே போ, யாரைப் பார், என்ன கிடைக்கும் என்று சொல்லி அனுப்புவது. ‘பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ’ என்று தொல்காப்பியப் புறத்திணையியல் சொல்வது இதைத்தான். பத்துப்பாட்டில் பாதி இந்த வகை. மலைபடுகடாத்தைப் பாருங்கள். பாட்டுடைத் தலைவன் நன்னனின் பெருமை ஒரு பக்கம் இருக்கட்டும், பன்றிக்கு வைத்த கல்பொறி வழியில் இருக்கிறது, இருட்டில் போகாமல் விடிந்தபின் போங்கள் என்கிறார் புலவர். முதல் நாள், சந்திக்க வேண்டியவர், அப்புறம் நடப்பது, மூன்றும் அதில் உண்டு. ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்தல் வழிப்படுத்தல். ஆற்றல், ஆற்றுதல் எல்லாம் இந்த வேரோடு உறவுடையவை என்றே நான் கருதுகிறேன். ‘பணியாற்றுப்படை’ என்று வைத்தால் ‘பணியாற்று’ என்ற வினையும் உள்ளேயே நிற்கும்.

சிவகௌரி, யாழ்ப்பாணம்

அன்பரசு ஐயா, வகை பொருந்துகிறது, சொல் பொருந்தாது. எங்கள் பக்கம் ஆற்றுப்படுத்தல் என்றால் உளவளத்துணை. போருக்குப் பிறகு அந்தப் பொருளில் எவ்வளவோ பேர் அதைக் கேட்டிருக்கினம். வேலைக்குச் சேரும் பிள்ளைக்கு அந்தப் பெயரோடு கடிதம் போனால், தனக்கு ஏதோ குறை என்று நினைப்பார்.

முதல் தலைப்புக்கு நாங்கள் ‘ஒழுங்குகள்’ என்போம். ‘பயண ஒழுங்குகள் செய்தாச்சு’ என்பது எங்களுக்கு அன்றாடப் பேச்சு.

நளினி

அக்கா, கோவையில் ‘முதல் நாள் ஒழுங்குகள்’ என்றால் கட்டுப்பாட்டு விதி என்று படிப்பார்கள். ‘ஏற்பாடுகள்’ என்று போடுகிறேன்.

கார்த்திக் சொன்னபடி வரைவைத் திருத்திப் பார்த்தேன்:

> முதல் நாள் ஏற்பாடுகள்
> திங்கள் காலை 8.30. இரண்டாம் கேட் (தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே). செக்யூரிட்டியிடம் உங்கள் பெயரும் ஸ்டோர்ஸ் என்றும் சொன்னால் போதும், சீட்டு எழுதி வைத்திருப்பார்கள்.
> ஆதார், பாஸ்புக் முதல் பக்க நகல், இரண்டு போட்டோ. செருப்புடன் உள்ளே விடமாட்டார்கள். மூடிய ஷூவில் வாருங்கள், பாதுகாப்பு ஷூ இங்கே தருவோம்.
> மதியச் சாப்பாடு கேன்டீனில். முதல் நாள் டோக்கன் என்னிடம்.

சந்திக்க வேண்டியவர்கள் என்று மேலாளர் ஒன்பது பேரைக் கொடுத்திருக்கிறார், எல்லாம் பதவியோடு.

கார்த்திக்

ஒன்பது பேரும் முதல் நாளில் மறந்துபோவார்கள். மூன்று போதும்: வேலை சொல்பவர், காகிதம் பார்ப்பவர், சின்னச் சந்தேகம் கேட்க அதே வயதில் ஒருவர். பதவியை எழுதாமல் எதற்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள். ‘சரக்கு இருப்பு எழுதும் பின் கார்டில் எண்ணிக்கை பொருந்தாவிட்டால் இவரிடம்’ என்று எழுதினால் அந்தப் பெயர் நிற்கும். மற்ற ஆறு பேரை அவரே வாரத்துக்குள் பார்த்துவிடுவார்.

இனி மூன்றாவது தலைப்பு. எதிர்பார்ப்பு என்பதில் யார் யாரிடம் எதிர்பார்ப்பது? நிறுவனம் அவரிடமா, அவர் நிறுவனத்திடமா?

அன்பரசு

சொல் சரியானதே. எதிர் என்பதற்கு வருவதை முன்நின்று ஏற்றல் என்ற பொருளும் உண்டு. மேற்சொன்ன நூற்பாவிலேயே ‘பயன் எதிர’ என்று வருகிறது. இரு பக்கமும் பொருந்துவது அந்தச் சொல்லின் வலிமை, அதைக் குறையாகப் பார்க்காதீர்கள்.

நளினி

ஐயா, உங்களுக்குப் பொருந்துகிறது. எங்கள் ஆலையில் ‘உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை’ என்று திட்டும்போதுதான் அந்தச் சொல்லைக் கேட்கிறோம். இந்தத் தம்பிக்கு முதல் வாரம் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அலமாரிக் குறியீடுகளைப் பழக வேண்டும். வரும் சரக்கை டெலிவரி சலானோடு ஒப்பிட்டு எண்ணும்போது கூட நிற்க வேண்டும். சனிக்கிழமைக்குள் ஒரு வரவுச் சீட்டைப் பக்கத்தில் ஒருவர் இருக்க அவரே எழுதிப் பார்க்க வேண்டும். செய்யக் கூடாதது ஒன்று உண்டு: தனியாகச் சரக்கை எடுத்துக் கொடுக்கக் கூடாது. போன ஆண்டு சேர்ந்தவரிடம் இதை யாரும் சொல்லவில்லை. அவசரம் என்று லைனிலிருந்து வந்து கேட்டவர்களுக்கு இன்டென்ட் சீட்டு இல்லாமல் பேரிங் எடுத்துக் கொடுத்துவிட்டார். மாத இருப்புக் கணக்கில் குறைவு அவர் பேரில் விழுந்தது. அதனால் ‘முதல் வாரத்தில்’ என்று மட்டும் தலைப்பிட்டு, கீழே ‘செய்வது’, ‘இப்போது வேண்டாம்’ என்று இரண்டாகப் பிரிக்கிறேன்.

சிவகௌரி

‘இப்போது வேண்டாம்’ நல்லாயிருக்கு. அதை விட்டுடாதேங்கோ, தங்கச்சி.

இராமநாதன்

மடலுக்கு இன்னும் பெயர் வரவில்லையே. பணியேற்பு வேண்டாமென்றால் ‘புகுமுக மடல்’ எனலாம். 1978இல் மேல்நிலைக் கல்வி வரும் வரை கல்லூரியில் புகுமுக வகுப்பு இருந்தது, நான் அதில் படித்தவன். என்ன அழகான சொல்.

அன்பரசு

அழகுதான், ஐயா. ஆனால் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் ‘புகுமுகம் புரிதல்’ காதலின் முதல் நிலைகளில் ஒன்று. அதைக் கம்பெனிக் கடிதத்துக்குத் தர எனக்கு மனம் வரவில்லை.

கார்த்திக்

புகுமுக வகுப்பை நான் அகராதியில்தான் பார்த்திருக்கிறேன், அந்தத் தம்பி அதுவும் பார்த்திருக்க மாட்டார்.

நளினி

அனுப்பிவிட்டேன். பொருள் வரியில் நாளும் நேரமும் கேட்டும் இருக்கின்றன, மடலுக்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் கோப்பில் மட்டும் ‘சேர்க்கை மடல்’ என்று சேமித்திருக்கிறேன்.

அன்பரசு

சேர்க்கை பள்ளிக்கூடத்துச் சொல், நளினி. அடுத்தவர் சேரும் முன் ‘பணியாற்றுப்படை’யை இன்னொரு முறை பரிசீலியுங்கள். எதிர்பார்ப்பு என்ற சொல்லை எடுத்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. அது பற்றித் தனியாக எழுதுகிறேன்.