உதவி: தம்பியின் மாணவர் சீசன் ஞாயிறோடு முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கொக்குவில் அக்கா (வியாழன் காலை)
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. தம்பி கல்லூரிக்குப் போய்வர மாணவர் சலுகையில் மாதச் சீசன் எடுத்திருந்தான். இந்த ஞாயிறோடு முடிகிறது. நேற்றுப் புதுப்பிக்கப் போனால் கடிதம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கல்லூரியில் முறையாகக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத்தான் கொடுத்தார்கள். போன மாதம் இதே மாதிரிக் கடிதத்தில்தான் கொடுத்தார்கள், இந்த மாதம் ஏன் முடியாது? நாளை முதல் கல்லூரி அலுவலகம் பூட்டு, திங்கள்தான் திறக்கும். என்ன செய்வது?

சுன்னாகம் சிவா
எந்த டிப்போ? எங்கள் மகளுக்கும் இப்படித்தான் நடந்தது. இ.போ.ச. சீசன் மாதக் கடைசியில்தான் அடுத்த மாதத்துக்குக் கொடுப்பார்கள், நடு மாதத்தில் போனால் திருப்பித்தான் அனுப்புவார்கள். 28 ஆம் தேதிக்குப் பிறகு போகச் சொல்லுங்கோ. விடியவே போனால் வரிசை குறைவு.

மணியம்
சிவா, கேள்வியை வாசிக்கிற பழக்கம் வேண்டும். நடு மாதத்தில் முடிகிற சீசன் என்றால் அது பஸ் சீசன் இல்லை. கொக்குவில் அக்கா, நீங்களும் ஊர், பஸ்ஸா ரயிலா, எங்கிருந்து எங்கே, வயது ஒன்றும் எழுதவில்லை. இங்கே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன், விவரம் இல்லாமல் கேட்டால் ஊகம்தான் பதிலாக வரும்.

கிளிநொச்சிப் பெடியன்
நான் கிளிநொச்சியில் இருந்து யாழ்ப்பாணம் கம்பஸுக்கு ரயிலில் வருகிறேன். எனக்குப் பீடத்தில் கையெழுத்து வைத்த படிவம் வேண்டும் என்றார்கள். உங்கள் தம்பியும் படிவத்துக்குப் பதிலாக வெறும் கடிதம் கொண்டுபோனாரோ?

கொக்குவில் அக்கா (வியாழன் மத்தியானம்)
மன்னிக்கவேணும், வேலைக்கு இடையில் எழுதினேன். தம்பி சென்னையில் படிக்கிறான், இரண்டாம் ஆண்டு, வயது 20. புறநகர் மின்சார ரயில், இரண்டாம் வகுப்பு. கல்லூரி கோடம்பாக்கம் பக்கம்.

திருநெல்வேலி வாசுகி
நான் ஐந்து வருடம் அந்த வழியில் போய்வந்தவள், பல்லாவரத்தில் மாமி வீட்டில் இருந்து. இரண்டு விஷயம் கேட்டுச் சொல்லுங்கோ. கடிதத்தில் எந்த நிலையத்தில் இருந்து எந்த நிலையம் என்று எழுதியிருக்கிறது? தம்பி நேற்றுக் கவுண்டரில் எங்கிருந்து எங்கே என்று கேட்டார்? இரண்டும் ஒன்றுதானா?

மணியம்
அது காரணமாக இருக்காது. அங்கே ஒவ்வொரு முறையும் புதுக் கடிதம் கொடுக்கவேண்டும். போன மாதக் கடிதத்தின் பிரதியைக் கொண்டுபோயிருப்பார்.

இணுவில் கண்ணன்
எனக்கு விளங்காத ஒன்று. இந்தியாவில் மாணவருக்குச் சீசன் இலவசம் என்று கேள்விப்பட்டேன். ஏன் காசு கட்டுகிறார்?

திருநெல்வேலி வாசுகி
கண்ணன், நீங்கள் கேள்விப்பட்டது பாதி சரி. பெண் பிள்ளைகளுக்கு இளநிலைப் பட்டம் வரை, ஆண் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வரை, வீட்டுக்கும் படிக்கிற இடத்துக்கும் இடையில் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் இலவசம். கல்லூரிக்குப் போகிற ஆணுக்கு அது இல்லை, அவருக்குப் பாதிக் கட்டணம். பொதுப்பிரிவில் 25 வயது வரை. தம்பிக்கு 20, வயதில் பிரச்சினை இல்லை.

இணுவில் கண்ணன்
பெண்களுக்கு மட்டும் பட்டம் வரை என்பது என்ன நியாயம்? ஒரே வகுப்பில் இருக்கிற பெடியனும் அதே தூரம்தானே வருகிறான்.

சுன்னாகம் சிவா
நியாயத்தைப் பேசப்போனால் எங்கள் ஊரைப் பேசவேண்டும் கண்ணன். சீசன் கையில் இருக்கிற பிள்ளை தனியார் பஸ்ஸில் முழுக்காசு கொடுக்கவேணும், இ.போ.ச. பஸ் வரும்வரை சந்தியில் நிற்கவேணும். மகள் வகுப்பு முடிந்து ஆறரைக்கு இருட்டில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். சலுகை என்று கொடுத்தால் அதைப் பாவிக்க பஸ்ஸும் வேண்டும்.

கிளிநொச்சிப் பெடியன்
தனியார் பஸ்காரர் ஏன் ஏற்றவேணும்? சீசன் காசு அவர்களுக்குப் போவதில்லையே. என் மாமா பஸ் ஓட்டுகிறார், டீசலும் ரயரும் அவர் கைக்காசு.

சுன்னாகம் சிவா
மாமாவைக் குறை சொல்லவில்லை தம்பி. பிள்ளை சந்தியில் நிற்கிறாள் என்கிறேன்.

மணியம்
இருவரும் இதற்குத் தனி இழை தொடங்குங்கோ. இங்கே ஞாயிற்றுக்கிழமை முடிகிற சீசன் ஒன்று இருக்கிறது.

கொக்குவில் அக்கா (வியாழன் இரவு)
வாசுகி அக்கா, தம்பியைக் கேட்டேன். கடிதத்தில் தாம்பரம் – கோடம்பாக்கம் என்று இருக்கிறதாம். போன மாதக் கடைசியில் அறை மாறி இப்போது கூடுவாஞ்சேரியில் நண்பர்களோடு இருக்கிறான். கவுண்டரில் கூடுவாஞ்சேரி – கோடம்பாக்கம் என்று கேட்டிருக்கிறான். இதை முதலில் எனக்கும் சொல்லவில்லை. மணியம் அண்ணை, பிரதி இல்லை, கல்லூரியில் இரண்டு கடிதம் சேர்த்து வாங்கிவைத்திருந்தான். இது இரண்டாவது, அசல்தான்.

திருநெல்வேலி வாசுகி
அதுதான் காரணம். சலுகை மாணவர் என்பதற்காக எந்தப் பாதைக்கும் கிடைப்பதில்லை. தங்குகிற இடத்துக்குக் கிட்டிய நிலையத்தில் இருந்து கல்லூரிக்குக் கிட்டிய நிலையம் வரைதான். அந்த இரண்டு பெயரையும் கல்லூரித் தலைவர் கையெழுத்து வைத்து உறுதிசெய்கிறார். கவுண்டரில் இருப்பவர் கடிதத்தில் உள்ள பெயர்களைத்தான் பார்த்து அடிக்க முடியும். நிலையம் மாறினால் அது புதுப்பித்தலே இல்லை, புதிய சீசன். அதற்குப் புதிய கடிதம் வேண்டும்.

எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. படிவத்தில் நிலையத்தின் பெயரை அலுவலகத்தில் பிழையாக எழுதி, அதை வெட்டி மேலே சரியான பெயரை எழுதித் தந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் தாளைக் கண்ணாடிக்குக் கீழே இழுத்து, வெட்டின இடத்தில் விரலை வைத்து, “இதுக்குப் பக்கத்தில் கையெழுத்து எங்கே?” என்று கேட்டுத் திருப்பித் தள்ளிவிட்டார். கீழே முத்திரையும் கையெழுத்தும் இருந்தும் பயனில்லை. அதனால் தம்பி தாம்பரத்தை வெட்டி கூடுவாஞ்சேரி என்று தானே எழுதவேண்டாம். கட்டாயம் வேண்டாம். திருத்திய சான்று என்று அதைப் பறித்துவைத்தால் பிறகு கல்லூரியிலும் பதில் சொல்லவேண்டி வரும்.

இணுவில் கண்ணன்
அப்போ ஞாயிறோடு முடிகிற சீசனை வைத்து திங்கள் ஒருநாள் போய்க் கடிதம் வாங்கட்டுமே. ஒருநாளுக்கு யார் பார்க்கப்போகிறார்கள்?

திருநெல்வேலி வாசுகி
அது பிழையான யோசனை. தேதி முடிந்த சீசன் பயணச்சீட்டு இல்லாததற்குச் சமம். பிடித்தால் கட்டணமும், அதற்கு மேல் குறைந்தது 250 ரூபாயும் வாங்குவார்கள். மாம்பலத்தில் படியால் ஏறும்போது பரிசோதகர்கள் நின்று தேதியைத் திருப்பிப் பார்ப்பதை நானே எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். இன்னொன்றும் கவனியுங்கோ. இப்போது இருக்கிற சீசனும் தாம்பரம் வரைதான். கூடுவாஞ்சேரியில் ஏறுகிறவன் தாம்பரம் வரை தனிச்சீட்டு எடுத்தானா என்று கேளுங்கோ. எடுக்காவிட்டால் அந்தத் துண்டுக்கு இப்போதே சீட்டில்லாப் பயணம்தான். திங்கள் சாதாரணச் சீட்டு எடுத்துப் போகட்டும், புறநகர் ரயிலில் அது சின்னக் காசுதான்.

மணியம்
வாசுகி சொன்னதை ஏற்கிறேன், நிலையம் மாறிய விஷயம் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஒரு கடிதத்துக்கு ஒரு சீசன் என்பதில் நான் உறுதி.

திருநெல்வேலி வாசுகி
நான் படித்தபோதும் ஒவ்வொரு முறையும் கடிதத்தை வாங்கிவைத்துக்கொண்டார்கள். ஆனால் என்னோடு படித்த தோழி ஒரு பருவத்துக்கு ஒரே சான்றிதழைக் காட்டி எடுத்தாள், அதுவும் உண்மை. அதனால் தம்பி திங்கள் அலுவலகத்தில் இரண்டு படிவம் கேட்டு வைத்திருப்பது நல்லது.

அப்புறம், மாதத்துக்குப் பதிலாக மூன்று மாதச் சீசன் எடுக்கச் சொல்லுங்கோ. கணக்கு இதுதான். மூன்று மாதக் கட்டணம் மாதக் கட்டணத்தின் 2.7 மடங்கு. மாதம் முழுக்கட்டணம் 200 என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் மூன்று மாதம் 540. மாணவருக்கு அதில் பாதி, 270. மாதம் மாதமாக எடுத்தால் 100 வீதம் 300. மிச்சம் 30 ரூபாய்தான், அதற்காக நான் சொல்லவில்லை. மூன்று தடவை கையெழுத்துக்கு அலைவது ஒரு தடவையாகிறது.

ஆனால் இடையில் நீண்ட விடுமுறை வந்து ஊருக்கு வருவதென்றால் யோசியுங்கோ. பாவிக்காத நாட்களுக்குக் காசு திரும்பாது. ஊருக்கு வந்தபோது நான் ஒரு மூன்று மாதச் சீசனில் ஐந்து கிழமையை வீணாக்கினேன்.

கிளிநொச்சிப் பெடியன்
அக்கா, முன்கூட்டிப் புதுப்பித்தால் மிச்ச நாட்கள் வீணாகுமா? நான் அதற்குப் பயந்துதான் எப்போதும் கடைசி நாளில் போவேன்.

திருநெல்வேலி வாசுகி
சென்னையில் வீணாகாது. முடிகிற தேதிக்குப் பத்து நாள் முன்பிருந்து புதுப்பிக்கலாம், புதுச் சீசன் பழையது முடிந்த மறுநாளில் இருந்துதான் தொடங்கும். 20 ஆம் தேதி முடிகிறது என்றால் 11 ஆம் தேதியே எடுத்தாலும் 21 இல் இருந்துதான் கணக்கு. அதனால் கடைசி நாளைக்கு விடுவதில் ஒரு லாபமும் இல்லை. கையெழுத்துக்கு அலுவலகத்தில் இரண்டு மூன்று நாள் போகும், ஆகவே முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே படிவத்தைக் கொடுக்கவேணும். நான் சீசன் உறையின் உள்பக்கத்தில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் எழுதி ஒட்டிவைத்திருந்தேன்.

கொக்குவில் அக்கா (வெள்ளி காலை)
அவனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கூடுவாஞ்சேரியில் இருந்து தாம்பரத்துக்குச் சீட்டு எடுத்துத்தான் போகிறானாம், ஆனால் இரண்டு நாள் எடுக்கவில்லை என்று ஒத்துக்கொண்டான். நல்ல பேச்சு வாங்கினான்.

சுன்னாகம் சிவா
அக்கா, கல்லூரியில் அவரது முகவரியும் மாற்றப்பட்டதா? அங்கே பழைய முகவரி இருந்தால் பழைய நிலையத்தைத்தானே எழுதித் தருவார்கள்.

திருநெல்வேலி வாசுகி
சிவா அண்ணை சொல்வது முக்கியம். முதலில் அலுவலகத்தில் முகவரியை மாற்ற எழுதிக் கொடுக்கட்டும், அறையின் வாடகை ஒப்பந்தம் இருந்தால் கொண்டுபோகட்டும். பிறகு படிவம். அதை வாங்கியவுடன் அலுவலகத்தில் நின்றே நிலையங்களையும் பெயரையும் வயதையும் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கோ. அடையாள அட்டை எண்ணும் சீசனில் அடிப்பார்கள், அந்த அட்டையைத்தான் கையில் வைத்திருக்கவேண்டும். வேறு அட்டையைக் காட்டினால் பிரச்சினை வரும்.

கொக்குவில் அக்கா (புதன் இரவு)
முகவரி மாற்றி நேற்றுக் கடிதம் கிடைத்தது, இன்று கூடுவாஞ்சேரியில் இருந்து மூன்று மாதத்துக்கு எடுத்துவிட்டான். கடிதத்தை வாங்கிவைத்துக்கொண்டார்களாம். எல்லோருக்கும் நன்றி.

கிளிநொச்சிப் பெடியன்
அக்கா, தம்பி ஆனியில் விடுமுறைக்கு ஊருக்கு வருவாரா? அந்த நாட்களைக் கணக்குப் பார்த்துத்தான் மூன்று மாதம் எடுத்தாரா?