கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா வீறிட்ட அழுகை: மகனுக்குக் குடல் செருகின அன்று

உவர்மலையிலிருந்து ஒரு அம்மா

மகனுக்கு அப்போது ஏழு மாதம். முந்தின கிழமை தடிமன் வந்து மாறியிருந்தது. வெள்ளிக்கிழமை விடியப்புறம் நாலு மணிபோல தூக்கத்திலிருந்து வீறிட்டு எழும்பினான். முழங்கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கி, முகம் வெளிறிப்போய், இரண்டு மூன்று நிமிஷம் அழுதான். பிறகு சட்டென்று நிறுத்தி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். "பல்லு வரப்போகுது பிள்ளை" என்றா மாமி. கொஞ்ச நேரத்தில் திரும்ப அதே அழுகை, திரும்ப அதே அமைதி.

விடிந்த பிறகு சத்தி தொடங்கியது. முதலில் குடித்த பால், பிறகு மஞ்சள் தண்ணீர். எட்டு மணிக்கு ஓரிடத்தில் கொண்டுபோய்க் காட்டினோம். அந்த நேரம் பார்த்து அவன் நிம்மதியாகத் தூங்கினான். வயிறும் மெத்தென்று இருந்தது. வயிற்றில் கிருமி என்று சொல்லி, ஜீவனி கரைத்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். விட்டுவிட்டு அழுகிறான் என்பதை நானும் சரியாகச் சொல்லவில்லை. "இரவெல்லாம் அழுதவன் டொக்டர்" என்று மட்டும்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கலண்டர் தாளின் பின்பக்கத்தில் நேரத்தை எழுதத் தொடங்கினேன். 9.10, 9.30, 9.45, 10.05. மத்தியானமாக அழுகை குறைந்தது. சுகமாகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். இன்றைக்கும் நெஞ்சு பதறுவது அதை நினைத்துத்தான். அவன் சுகமாகவில்லை, சோர்ந்துகொண்டிருந்தான். எப்போதும் கீச்சு வாத்தைக் கண்டால் தாவுகிறவன், அதை முகத்துக்கு நேரே அமத்தியும் பாதிக் கண்ணோடு பார்த்துக்கொண்டே கிடந்தான்.

இரண்டரை மணிக்குப் பம்பர்ஸைத் திறந்தேன். மலமே இல்லை. பிறந்தநாள் வீட்டில் வைக்கிற சிவப்பு ஜெலியைக் கரண்டியால் உடைத்துப் போட்டதுபோல, சளியும் இரத்தமும் கலந்து கட்டியாக இருந்தது. அதை அப்படியே ஷொப்பிங் பையில் கட்டி, அந்தக் கலண்டர் தாளையும் எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே இருந்த டொக்டர் பிள்ளையைத் தொடுவதற்கு முன் தாளைத்தான் வாசித்தா. பிறகு அடுத்த அழுகை வந்து அடங்கும்வரை பக்கத்திலேயே இருந்து, அவன் தளர்ந்த நேரம் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து மெதுவாக அமத்திப் பார்த்தா. "கட்டியா நீளமா ஒண்டு தட்டுப்படுது" என்று ஸ்கானுக்கு அனுப்பினா. ஸ்கானில் வளையத்துக்குள் வளையம் தெரிந்தது. தன் சட்டைக் கையின் நுனியை உள்ளே தள்ளிக் காட்டி, "சின்னக்குடல் இப்படித்தான் பெருங்குடலுக்குள்ள ஏறியிருக்கு. உள்ளே போன பகுதிக்கு இரத்தம் ஓடாது" என்று விளங்கப்படுத்தினா.

வாயால் எதுவும் கொடுக்கவில்லை. மூக்கால் ஒரு குழாய், கையில் சேலைன். குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர் இருக்கும் வேறு ஊருக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். இரவு பத்து மணிபோல, எக்ஸ்ரே திரையில் பார்த்தபடி ஆசனவாயால் காற்றைச் செலுத்தினார்கள். முதல் தரம் கொஞ்சம் பின்வாங்கி நின்றுவிட்டது. இரண்டாம் தரம் செருகின குடல் விடுபட்டு, காற்று சின்னக்குடலுக்குள் பாய்ந்தது. கத்தி வைக்காமலே தப்பினான்.

நிலாவெளி ஐயா

சளியும் இரத்தமும் போனால் அது வயிற்றுளைவுதான் மகள். எங்கட பேரனுக்கும் அப்படித்தான் போனது. அன்டிபயோட்டிக் கொடுத்து மூன்று நாளில் மாறினது. எல்லாரையும் பயப்படுத்தாதீங்கோ.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி, 22 வருஷம் குழந்தைகள் வாட்டில்

ஐயா, நீங்கள் சொல்வதும் நடக்கிறதுதான். ஆனால் வயிற்றுளைவென்றால் பெரும்பாலும் காய்ச்சல் இருக்கும், பிள்ளை திரும்பத் திரும்ப மலம் போகும். இந்தப் பிள்ளை ஜெலிபோல ஒருதரம் போனதோடு சரி, மலமே இல்லை. அதற்கு முன்னே பத்து மணித்தியாலமாக அழுகையும் சத்தியும். அந்த ஒழுங்குதான் எங்களை உசார்ப்படுத்தும்.

இன்னொன்று. ஜெலிபோல போவது பிந்தி வருகிற அடையாளம். குடலின் உள்தோல் நெருக்குப்பட்டுக் கசியத் தொடங்கின பிறகுதான் வெளியே வரும். சில பிள்ளைகளுக்கு வராமலே இருக்கும். கட்டியும் எல்லாருக்கும் கைக்குத் தட்டுப்படாது. அதனால் "இரத்தம் போகவில்லைதானே" என்று காத்திருக்கக் கூடாது. விட்டுவிட்டு வரும் அழுகை, வெளிறல், நடுவே வாடிப்போய்க் கிடப்பது, சத்தி, இவ்வளவும் போதும் ஸ்கான் கேட்பதற்கு. அம்மா தாளில் நேரம் எழுதினது பெரிய உதவி. நான் வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படி எழுதிக்கொண்டு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான்.

கிண்ணியா உம்மா

எங்கட மகளுக்கு 40 நாள். பின்னேரம் ஆறு மணியானால் காலை மடக்கிக்கொண்டு இரண்டு மணித்தியாலம் அழுகிறா. மாமி ஓமத்தண்ணி கொடுக்கச் சொல்றாங்க. இதுவும் குடல் செருகினதா? எனக்கு நித்திரையே வரல்ல.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

தங்கச்சி, அழும்போது முகம் சிவக்குதா, வெளிறுதா? அழுது முடிந்ததும் ஆசையாகப் பால் குடிக்கிறாவா? சிவந்து அழுது, பால் குடித்து, நிறையும் ஏறினால் அது பெரும்பாலும் அந்த வயசு அழுகைதான். குடல் செருகல் கூடுதலாக வருவது ஐந்து மாதத்துக்கும் ஒன்பது மாதத்துக்கும் இடையில். அதற்காக 40 நாளில் வரவே வராது என்று என்னால் சொல்ல முடியாது. சத்தி எடுத்தாலோ, அந்தச் சத்தி பச்சையாக வந்தாலோ இரவென்று பார்க்காதீங்கோ, 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ. ஓமத்தண்ணி வேண்டாம், தாய்ப்பால் மட்டும் கொடுங்கோ.

மூதூர் அப்பா

எங்களுக்கு அந்தக் காற்று சரிவரல்ல. மகளுக்குப் பத்து மாதம். காட்டிய இடத்தில் இரண்டு தரமும் மருந்து தந்து திருப்பி அனுப்பினார்கள். 26 மணித்தியாலம் போய்விட்டது. பச்சையாகச் சத்தி, வயிறு மேளம்போல உப்பி, தொட்டாலே அழுதா. சத்திரசிகிச்சை டொக்டர் பார்த்துவிட்டு, இந்த வயிற்றுக்குக் காற்று அடிக்க ஏலாது, குடல் பொத்துக்கொள்ளும் என்றார். வெட்டித்தான் எடுத்தார்கள். நாலு விரல் நீளம் கறுத்துப்போன குடலை அறுத்துத் தைத்தார்கள். இப்போது மூன்று வயசு, நல்லா ஓடித்திரியிறா. ஆனால் அந்த முதல் பத்து மணித்தியாலத்தில் ஒருத்தர் ஸ்கான் எடுத்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: மீன் குழம்புச் சோறு பிசைந்து கொடுக்கத் தொடங்கின கிழமையில்தான் வந்தது. அதனாலயா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி

தம்பி, சோற்றைக் குற்றம் சொல்லாதீங்கோ. தடிமனோ வயிற்றுக் கிருமியோ வந்துபோன பிறகு குடலுக்குள் இருக்கிற நெறி வீங்கி, அதைக் குடல் உணவென்று நினைத்து முன்னுக்குத் தள்ளும்போது மடிந்து உள்ளே போகும் என்றுதான் டொக்டர்மார் சொல்வார்கள். நிறையப் பிள்ளைகளுக்குக் காரணமே பிடிபடாது. உங்கட மகளுக்கு வேறு ஏதும் இருந்ததா என்று ஒப்பரேஷன் செய்தவரிடம் கேட்டீங்களா?

மூதூர் அப்பா

கேட்கத் தோன்றல்ல. துண்டில் இங்கிலீஷில் என்னவோ எழுதியிருக்கு. தேடி எடுக்கிறேன்.

உவர்மலை அம்மா

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது, திரும்ப வருமா என்று. பத்துப் பேரில் ஒருவருக்குத் திரும்ப வரலாம், அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் என்று சொல்லி வாட்டில் வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு வீறிட்டான். நான் தாளைத் தேடினேன், கை நடுங்கினது. மிஸ்ஸி ஓடி வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "முகத்தைப் பாருங்கோ, சிவந்திருக்கு. பசி" என்றா. பாலைக் கொடுத்ததும் மடமடவென்று குடித்தான்.

கிண்ணியா உம்மா

இண்டைக்கும் ஆறரைக்குத் தொடங்கிட்டா. லைட்டைப் போட்டு முகத்தைப் பார்த்தேன். சிவப்புத்தான். பாலும் குடிச்சா. நாளைக்கு மிட்வைஃப் வருவாங்க, நிறை பார்க்கச் சொல்றேன்.