வார்டு மக்கள்தொகையைப் பரப்பளவு வைத்துப் பிரித்த அனுபவங்கள்: கூட்டுத்தொகை சரி, ஆட்கள் இடம் மாறிவிட்டார்கள்

செந்தில்நாதன்

சென்னையில் வார்டு வாரியாக வேலை செய்பவர்கள் இதைச் சந்தித்திருப்பீர்கள். கணக்கெடுப்பு நடந்தது 2011 பிப்ரவரியில், மாநகராட்சி விரிந்தது அதே வருடம் அக்டோபரில். அதனால் கணக்கெடுப்பு அட்டவணையில் பழைய 155 வார்டும், அப்போது தனித்தனியாக இருந்த நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகளும்தான் இருக்கின்றன. வரைபடத்திலோ 200 வார்டு. பழைய நகரம் 107 வார்டாகச் சுருங்கியது, புதிதாகச் சேர்ந்த பகுதிக்கு 93 போனது.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் பகுதி பிரிக்கும் வேலை எங்களுடையது. 50,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது விதிமுறை. எங்களுக்கு வந்த பட்டியலை இப்படித்தான் தயாரித்திருந்தார்கள்:

```sql
SELECT z.zone_id,
  SUM(w.pop * ST_Area(ST_Intersection(w.geom, z.geom))
      / ST_Area(w.geom)) AS pop
FROM wards w JOIN zones z
  ON ST_Intersects(w.geom, z.geom)
GROUP BY z.zone_id;
```

பழைய எல்லையின் எத்தனை பங்கு நிலம் புதுப் பகுதிக்குள் விழுகிறதோ, அத்தனை பங்கு ஆட்களும் அங்கே போவார்கள். கூட்டிப் பார்த்தால் மொத்தம் ஒரு ஆள்கூடப் பிசகாது. அதனாலேயே யாரும் சந்தேகப்படவில்லை.

பள்ளிக்கரணைப் பக்கம்தான் இடித்தது. புரிவதற்காக எண்களை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். பழைய எல்லை 10 சதுர கி.மீ., அதில் 40,000 பேர். பாதி நிலம் சதுப்பு. புதுக் கோடு அதை இரண்டாக வெட்டுகிறது. ‘அ’ பகுதிக்கு 6 சதுர கி.மீ., அதில் 4.5 சதுப்பு. ‘ஆ’ பகுதிக்கு 4 சதுர கி.மீ., அதில் சதுப்பு அரை சதுர கி.மீ. மட்டும். பரப்பளவுக் கணக்கு அ-வுக்கு 24,000 பேரையும் ஆ-வுக்கு 16,000 பேரையும் கொடுத்தது. சதுப்பைக் கழித்துவிட்டு, வீடு இருக்கக்கூடிய 5 சதுர கி.மீ.க்கு மட்டும் பிரித்தால் அ-வுக்கு 12,000, ஆ-வுக்கு 28,000. எந்தப் பக்கம் ஆள் அதிகம் என்பதே தலைகீழாக மாறிவிட்டது!

பிரவீன்

அண்ணா, லேயர் எந்த சிஸ்டத்தில் இருந்தது? `EPSG:4326`-இல் வைத்து `ST_Area` போட்டால் டிகிரியில்தான் பரப்பளவு வரும். சென்னைக்கு `EPSG:32644` போட வேண்டும். எனக்கு ஒரு முறை எல்லாமே 0.0008 மாதிரி வந்து தலை சுற்றியது. இதைச் சரி செய்தாலே உங்கள் பிழை போய்விடும் என்று நினைக்கிறேன்.

கலைச்செல்வி

பிரவீன், மாற்றிக்கொள்வது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் பிழை அதனால் வந்ததில்லை. இங்கே நமக்குத் தேவை விகிதம் மட்டுமே. மேலே உள்ள பரப்பும் கீழே உள்ள பரப்பும் ஒரே டிகிரியில் இருப்பதால், ஒரு வார்டு அளவு இடத்தில் அந்தக் கோணல் இரண்டிலும் ஒரே மாதிரி விழுந்து அடிபட்டுப் போகும். மாற்றினாலும் அ-வுக்கு அதே 24,000தான் வரும்.

பிழை எவ்வளவு என்பதை இரண்டு பங்குகள் தீர்மானிக்கின்றன. வெட்டுப்பட்ட துண்டில் நிலம் எத்தனை பங்கு, ஆட்கள் எத்தனை பங்கு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மொத்த மக்கள்தொகையால் பெருக்கினால் அதுதான் பிழை. செந்தில் சொன்னதில் நிலம் 60 விழுக்காடு. சதுப்பைக் கழித்தால் ஆட்கள் 30 விழுக்காடு. வித்தியாசம் 40,000-இல் 30 விழுக்காடு, அதாவது 12,000 பேர். இந்த 12,000 ஒரு பக்கம் கூடினால் மறுபக்கம் அப்படியே குறையும். மொத்தம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும் என்பதால் கூட்டுத்தொகையைச் சரிபார்ப்பது இங்கே எதையுமே சொல்லாது.

இன்னொன்று. முழுசாக ஒரு புதுப் பகுதிக்குள் அடங்கிவிடும் பழைய வார்டில் இந்தப் பிழை வரவே வராது. நான் செய்யும்போது ஒவ்வொரு புதுப் பகுதிக்கும், அதன் மக்கள்தொகையில் எத்தனை விழுக்காடு வெட்டுப்பட்ட வார்டுகளிலிருந்து வந்தது என்று தனியாக ஒரு நெடுவரிசை போட்டுவிடுவேன். அது 5 என்றால் கவலையில்லை. 60 என்றால் அந்த எண்ணை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

ஜெரால்ட் (மட்டக்களப்பு)

எங்கட பக்கத்துக் கதை கொஞ்சம் வேறு. 2012 கணக்கெடுப்பைக் கிராம சேவகர் பிரிவு வாரியாக எடுத்து, வாவிக் கரையிலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் எத்தனை பேர் என்று வெள்ள நிவாரணத்துக்காகப் பார்த்தோம். எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையில் வீடுகள் நெருக்கமாக இருப்பதால் பரப்பளவுக் கணக்கு ஓரளவு ஒத்து வந்தது. படுவான்கரையில்தான் குழம்பியது. அங்கே பிரிவுகள் பெரியவை, முக்கால்வாசி வயல். வீடுகள் எல்லாம் வீதியோரம்.

தண்ணீரைக் கழித்தோம், போதவில்லை, ஏனென்றால் வயல் தண்ணீர் இல்லையே. கடைசியில் வீதியின் இரு பக்கமும் 100 மீட்டரை மட்டும் குடியிருப்பு நிலமாக எடுத்தோம். கிராம சேவகர்களிடம் இருந்த குடும்பப் பட்டியலோடு ஒப்பிட்டபோது அது நெருங்கி வந்தது. ஆனால் 100 மீட்டர் என்பது எங்கட ஊருக்குச் சரி, மலையகத் தோட்ட லயன்களுக்குச் சரிவராது.

ரமேஷ்பாபு

நானும் 2011 எண்களோடுதான் போராடுகிறேன். வருடத்துக்கு எத்தனை சதவீதம் வளர்ச்சி போட்டால் இன்றைய வார்டு மக்கள்தொகை வரும்? ஒரே விகிதம் போடலாமா?

கலைச்செல்வி

ரமேஷ் சார், நீங்கள் கேட்பது காலத்தை மாற்றுவது. நாங்கள் பேசுவது எல்லையை மாற்றுவது. ஆனால் இரண்டும் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு, கேட்டது நல்லதாயிற்று. கட்டடங்களின் வடிவம் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே பலர் அதை வைத்து 2011 ஆட்களைப் பிரிக்கிறார்கள். 2018-இல் எழுந்த அடுக்குமாடிக்கு 2011-இல் எண்ணிய ஆட்கள் போய்விடுகிறார்கள். நகர விளிம்பில் இந்தத் தவறு பெரியது. 2011-ஐ ஒட்டிய செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, அப்போது இருந்த கட்டடங்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

செந்தில்நாதன்

எங்கள் பிரச்சினையும் அங்கேதான் போய் நின்றது. சதுப்பைக் கழித்த பிறகும், மீதி 5 சதுர கி.மீ.யில் எல்லா இடமும் ஒரே அடர்த்தி என்றுதானே கணக்கு போகிறது? ஆ பக்கம் பாதி மனைகள் அப்போது காலி. அ பக்கம் சாலையோரம் மூன்று மாடி, நான்கு மாடிக் குடியிருப்புகள்.

அதனால் 2011 சட்டமன்றத் தேர்தலின் வாக்காளர் பட்டியலை எடுத்தோம். ஒவ்வொரு பாகத்திலும் தெருப் பெயர்கள் இருக்கும். அவற்றைப் பார்த்து எது அ, எது ஆ என்று பிரித்து, வாக்காளர் எண்ணிக்கையை எடையாக வைத்தோம். அ-வுக்கு 40 விழுக்காடு வந்தது, அதாவது 16,000. முதல் கணக்கு 24,000, சதுப்பைக் கழித்த கணக்கு 12,000. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

பிரவீன்

அப்படியானால் என்னிடம் இருக்கும் மற்ற வார்டுகளில் பிழை எவ்வளவு என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லாவற்றுக்கும் வாக்காளர் பட்டியலைப் பிரித்துக்கொண்டிருக்க முடியாதே.

கலைச்செல்வி

அக்கம்பக்கத்துப் பழைய வார்டுகள் நாலைந்தை ஒட்டி ஒரே பாலிகன் ஆக்கு, மொத்த மக்கள்தொகையை அதற்குக் கொடு. அப்புறம் பரப்பளவு விகிதத்தில் திரும்ப அதே வார்டுகளாகப் பிரி. உண்மையான எண் உன் கையில் இருக்கிறதே, ஒப்பிட்டுப் பார். பெரிய பரப்பிலிருந்து சிறியதற்கு இறங்குவதால் உன் உண்மையான வேலையில் வரும் பிழை பெரும்பாலும் இதைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் எந்தப் பக்கம் ஆபத்து என்று தெரிந்துவிடும். உலக அளவில் கட்டம் கட்டமாகக் கிடைக்கும் மக்கள்தொகை லேயர்களோடு ஒப்பிடாதே. அவையும் கணக்கெடுப்பு எண்களைப் பிரித்துச் செய்தவைதான்.

செந்தில், உங்கள் 16,000-ஐ நான் முழுசாக ஏற்க மாட்டேன். அந்தப் பக்கம் வாடகைக்கு இருந்த ஐ.டி. ஊழியர்கள், விடுதியில் தங்கியவர்களில் பெரும்பாலானோர் ஓட்டு சொந்த ஊரில் இருந்திருக்கும். கணக்கெடுப்பில் அவர்கள் உண்டு, பட்டியலில் இல்லை.

செந்தில்நாதன்

ஆமாம், அ பக்கம்தான் விடுதிகள் அதிகம். அப்படியானால் 16,000-க்கு மேலேதான் போகும். எவ்வளவு மேலே என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அறிக்கையில் ஒற்றை எண் போடாமல் 16,000 முதல் 20,000 வரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த மேல் எல்லையை எப்படி நியாயப்படுத்துவது என்று யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.