கிராஷ் கோர்ஸ் விளம்பரத்துல ரிசல்ட்டை எப்படிப் போடுறது?

எக்ஸாமுக்கு ஒரு மாசம்தான் இருக்கு, எங்க கிராஷ் கோர்ஸ்ல பேட்ச்சுக்கு 30 பேர்தான், அதுக்கு மேல போனா டெஸ்ட் பேப்பரை ஒவ்வொருத்தரா உக்காரவச்சு எந்தக் கேள்வியில ஏன் தப்புன்னு பாக்க முடியாது. போன பேட்ச்ல 28 பேர் எழுதி 9 பேர் பாஸ், அதுல 6 பேர் ஏற்கனவே ஒருதடவை எழுதினவங்க, புதுசா வந்தவங்க 3 பேர்தான்.

இதை அப்படியே போஸ்டர்ல போட்டேன், விசாரிக்கிறவங்க "9 பேர்தானா"ன்னு போயிடுறாங்க. மத்த இடத்துல மாக் டெஸ்ட் மட்டும் எழுதினவங்களையும் சேர்த்து நூத்துக்கணக்குல போட்டோ போடுறாங்க, எத்தனை பேர் சேந்தாங்கன்னு சொல்றதே இல்ல. டெமோ கிளாஸ், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டாச்சு, டெமோவுக்கு வர்றாங்க, சேரல. நம்பரை மறைக்க மனசில்ல.

கோச்சிங் நடத்துறவங்க சொல்லுங்க, 28க்கு 9ங்கறதை போஸ்டர்ல மேலயே போடலாமா, இல்ல பேட்ச் சைஸையும் பேப்பர் திருத்துற விதத்தையும் முதல்ல சொல்லிட்டு ரிசல்ட்டைக் கீழ போடலாமா?