காலி செல் எது பூஜ்ஜியம், எது விடுபட்ட பதில்?

வணக்கம். 418 வீடுகளின் கணக்கெடுப்பு ஒன்று .sav கோப்பாகக் கையில் இருக்கிறது. ஆர் மொழியில் haven கொண்டு சிஎஸ்வியாக மாற்றினேன். 'எத்தனை மாடுகள்?' என்ற பத்தியில் 263 செல்கள் காலி. அவசரப்பட்டு எல்லாவற்றிலும் 0 போட்டுச் சராசரி எடுத்துவிட்டேன். பிறகுதான் சந்தேகம் வந்தது.

முந்தைய கேள்வி 'மாடு வளர்க்கிறீர்களா?'. அதற்கு 'இல்லை' என்றவர்களிடம் எண்ணிக்கையைக் கேட்கவே இல்லை. அப்படி 241 வீடுகள். அவை 0 என்பதில் குழப்பமில்லை. மீதி 22 பேர் 'ஆம்' என்றவர்கள், அங்கே 0 போட்டது என் தவறு. அசல் கோப்பில் அவர்களுக்கு 99, அதாவது 'பதில் சொல்லவில்லை' என்ற குறியீடு. read_sav வழக்கமாக அதை NA ஆக்கிவிடுகிறது. இப்படிப் படித்ததும் 99 திரும்ப வந்தது:

```r
d <- read_sav("veedu.sav", user_na = TRUE)
```

சரி, மாடு முடிந்தது. சிக்கல் குடிநீர்க் கேள்வியில். ஆறு ஆதாரங்களுக்கு ஆறு பத்திகள், தேர்ந்தெடுத்ததில் மட்டும் 1. ஒரு வரிசையில் ஒரு 1 இருந்தாலும் மற்ற காலிகளை 0 எனக் கொள்கிறேன். ஆனால் 17 வரிசைகளில் ஆறுமே காலி. 99-உம் இல்லை, 'வேறு' என்ற பத்தியும் இல்லை. தண்ணீர் குடிக்காத வீடு ஏது!

இந்த 17-ஐயும் விடுபட்டவை என்றே வைக்கலாமா? பட்டியலில் இல்லாத ஆதாரத்தைப் பயன்படுத்துகிறவர்களாக இருந்தால், ஆறிலும் 0 தானே சரி? இரண்டையும் பிரிக்கக் கோப்பில் வேறு எதைப் பார்ப்பீர்கள்?